50-இல் தொடங்கி 360-க்குக் கீழே: கிட்னி பலவீனமும் அலோபியூரினோலும்

“அப்பாவுக்கு 62 வயது, பட்டர்வொர்த்தில் இருக்கிறார். இனிப்புநீர், பிரஷர் இரண்டும் உண்டு. கிட்னி 34 என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறது. வருஷத்துக்கு நாலைந்து தடவை கவுட் வந்து காலைத் தரையில் வைக்க முடியாமல் படுத்துவிடுகிறார். ஒரு தனியார் கிளினிக்கில் அலோபியூரினோல் 300 எழுதிக் கொடுத்தார்கள், இன்னும் போட ஆரம்பிக்கவில்லை. வழக்கமாகப் போகும் கிளினிக்கில், கிட்னி இப்படி இருக்கும்போது 100-க்கு மேல் கூடவே கூடாது என்கிறார்கள். யார் சொல்வது சரி? அம்மாவுக்கும் யூரிக் ஆசிட் 510 இருக்கிறது, கிட்னி 55. ஆனால் அவருக்கு வலி என்று ஒரு நாளும் வந்ததில்லை. அவருக்கும் மாத்திரை வேண்டுமா?”

அந்த 300 மாத்திரையை அப்பா போட வேண்டாம். ஆனால் 100-லேயே நிறுத்திவிட வேண்டும் என்பதும் சரியில்லை. அவருக்கு ஆரம்பம் 50 மில்லிகிராமாக இருக்க வேண்டும், அதாவது 100 மாத்திரையில் பாதி. அதன்பிறகு மாதத்துக்கு ஒரு படியாக ஏற்றி, இரத்தத்தில் யூரிக் ஆசிட் 360-க்குக் கீழே வரும் வரை போக வேண்டும். அது 200-இல் வரலாம், 300-ஐத் தாண்டியும் வரலாம். எங்கே தொடங்குவது என்பதைத்தான் கிட்னி முடிவு செய்கிறது. எங்கே நிற்பது என்பதை யூரிக் ஆசிட் முடிவு செய்கிறது. அம்மாவுக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டாம்.

நான் பினாங்கில் இருபது வருஷத்துக்கு மேல் ஃபார்மசிஸ்ட்டாக வேலை செய்கிறேன். இந்த இரண்டு கேள்வியும் கவுண்டருக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பதிலைப் படித்துவிட்டு நீங்களே மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘100-க்கு மேல் கூடாது’ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அலோபியூரினோல் உடம்புக்குள் போன சில மணி நேரத்திலேயே ஆக்ஸிபியூரினோல் என்ற இன்னொரு பொருளாக மாறிவிடுகிறது. யூரிக் ஆசிட் உற்பத்தியைத் தடுக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது அதுதான். அது வெளியேறும் வழி கிட்னி. கிட்னி நன்றாக இருப்பவருக்கு ஏறக்குறைய ஒரு நாளில் பாதி வெளியேறிவிடும். கிட்னி பலவீனமானவருக்குப் பல நாள் தங்கும். 1984-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், அலோபியூரினோலால் மோசமான ஒவ்வாமை வந்தவர்களில் பலருக்குக் கிட்னி பலவீனமாக இருந்ததைக் கவனித்தார்கள். இரத்தத்தில் ஆக்ஸிபியூரினோல் தேங்குவதால்தான் இப்படி ஆகிறது என்று எண்ணி, கிட்னியின் வேகத்துக்கு ஏற்ப ஓர் அளவு அட்டவணை போட்டார்கள். வேகம் 100 இருந்தால் 300 மில்லிகிராம், 60 இருந்தால் 200, 20 இருந்தால் 100. கணக்கு அழகாக இருந்ததால் உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. நான் படித்த காலத்தில் அதை மனப்பாடமாகவே ஒப்பிப்போம்.

அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. அந்த அளவில் நிறுத்தினால் யூரிக் ஆசிட் இலக்குக்கு இறங்குகிறதா என்று அட்டவணை கேட்கவே இல்லை. அதை அப்படியே பின்பற்றினால் ஒவ்வாமை குறைகிறதா என்பதும் நிரூபிக்கப்படவில்லை. விளைவாக, ஒரு தலைமுறை கிட்னி நோயாளிகள் தினமும் 100 மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, கவுட்டும் குறையாமல் வாழ்ந்தார்கள். ‘மருந்து போட்டும் வருதே’ என்று அவர்களே மருந்தை நிறுத்தியும் இருக்கிறார்கள்.

மாற்றம் பெரும்பாலும் நியூசிலாந்து ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. 2012-இல் அவர்கள், கடுமையான ஒவ்வாமை வந்த 54 பேரையும், மருந்து போட்டும் ஒன்றும் ஆகாத 157 பேரையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் தெரிந்த இடம் முதல் நாள் போட்ட அளவுதான். அதை வைத்து அவர்கள் சொன்ன கணக்கு எளிது: ஈஜிஎஃப்ஆர், அதாவது ரிப்போர்ட்டில் கிட்னியின் வேகத்தைக் காட்டும் எண்ணை, ஒன்றரையால் பெருக்குங்கள், ஆரம்ப அளவு அதைத் தாண்டக் கூடாது. அப்பாவுக்கு 34 ஒன்றரை மடங்கு 51. அதனால்தான் பாதி மாத்திரை. முதல் நாளே 300 என்றால் அது ஏறக்குறைய ஆறு மடங்கு.

2017-இல் அதே நாட்டில் 183 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேருக்கு மேல் கிட்னி பலவீனமானவர்கள். ஒரு பிரிவு பழைய அட்டவணைப்படியே ஒரு வருஷம் இருந்தது. மற்றப் பிரிவுக்கு இலக்கு வரும் வரை மாதாமாதம் ஏற்றினார்கள். பழைய அளவில் நின்றவர்களில் 100-க்கு 32 பேர்தான் இலக்கைத் தொட்டார்கள். ஏற்றிய பிரிவில் 69 பேர். மெல்ல ஏற்றியதால் கிட்னி கெட்டுப்போகவும் இல்லை. 2020-இல் அமெரிக்க வாத நோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியும் இதே வழியைச் சொல்கிறது: கிட்னி பலவீனமானவருக்கு 100-க்கும் குறைவாகத் தொடங்கு, தேவைப்பட்டால் 300-க்கு மேலும் போ.

360 என்பது ஏன்? யூரிக் ஆசிட் இரத்தத்தில் கரைந்திருக்க ஓர் எல்லை உண்டு, ஏறக்குறைய 405 மைக்ரோமோல். கோப்பி ஓவில் ஓர் அளவுக்கு மேல் சீனி போட்டால் எவ்வளவு கலக்கினாலும் அடியில் மணலாக நிற்கும் அல்லவா, அது மாதிரி 405-க்கு மேல் போனால் மூட்டுகளில் படிகமாகப் படியத் தொடங்கும். அதற்குக் கீழே வைத்திருந்தால் பழைய படிகமும் கரையத் தொடங்கும். 360 என்பது அந்தக் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு வைத்த எண். காதுமடலிலோ முழங்கையிலோ கட்டி இருப்பவருக்கு 300-க்குக் கீழே வைத்தால் சீக்கிரம் கரையும். இந்தியாவில் இருக்கும் உறவினரோ யூடியூப் டாக்டரோ ‘6-க்குக் கீழே’ என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அங்கே அளவுகோல் வேறு. அவர்கள் எண்ணை 60-ஆல் பெருக்கினால் நம் ரிப்போர்ட் எண் கிட்டத்தட்ட வந்துவிடும்.

இனி, எல்லாரும் பயப்படும் அந்த ஒவ்வாமை. கோலாலம்பூரில் எனக்கு அத்தை முறையான ஒருவர், ஏதோ சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டார். யூரிக் ஆசிட் 470 என்று சிவப்பு எழுத்தில் வந்தது. வலி கிடையாது, ஒன்றும் கிடையாது. கிட்னி 41 என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. ஒரு கிளினிக்கில் 300 மாத்திரை ஒரு மாதத்துக்குக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. மறுநாள் மார்பிலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்தது. வீட்டில் ‘அம்மை போட்டிருக்கு’ என்று முடிவு கட்டி, வாசலில் வேப்பிலை செருகி, இளநீர் கொடுத்து, அசைவத்தை நிறுத்திவிட்டார்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை, அது ‘டாக்டர் கொடுத்தது’ ஆயிற்றே. ஐந்தாம் நாள் முகம் ஊதி, உதடும் வாய்க்குள்ளும் புண்ணாகி, கண் சிவந்து நீர் வடியத் தொடங்கியபோதுதான் எனக்குப் படம் அனுப்பினார்கள். நான் கேட்ட முதல் கேள்வி, ‘புதுசா என்ன மருந்து ஆரம்பிச்சீங்க?’ ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார். தோல் உரிந்தது, ஈரல் பரிசோதனை எண்கள் எங்கோ போயின. உயிர் தப்பியது. கிட்னி மட்டும் பழைய 41-க்குத் திரும்பவே இல்லை.

அது அரிதான ஒன்றுதான். ஆனால் வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் வரை இறந்ததாகப் பதிவுகள் உண்டு. பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் எட்டு வாரத்துக்குள் வரும். அதனால் அப்பா தொடங்கினால் அந்த இரண்டு மாதமும் வீட்டில் எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, முகவீக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றைய மாத்திரையே போடக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறும் அரிப்பாக இருந்தாலும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்பது இங்கே செல்லாது.

யாருக்கு வரும் என்று ஓரளவு முன்கூட்டியே அறியவும் வழி இருக்கிறது. HLA-B*58:01 என்ற ஒரு மரபணு வகை. 2005-இல் தைவானில், இந்த ஒவ்வாமை கடுமையாக வந்த 51 பேரைப் பரிசோதித்தபோது 51 பேரிடமும் அது இருந்தது. சீனர்களிடம் அதிகம் காணப்படுவது. நம் இந்தியர்களிடம் அதைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. மலேசியாவில் கலப்புக் குடும்பங்கள் எத்தனை! பாட்டி சீனர் என்பது பெயரை வைத்துப் பார்த்தால் தெரியாது. கிட்னி 34-இல் இருப்பவருக்கு ஆபத்து ஏற்கெனவே கூடுதல் என்பதால், என் அப்பாவாக இருந்தால் இந்த இரத்தப் பரிசோதனையைக் கேட்டிருப்பேன். இருக்கிறது என்று வந்தால் அலோபியூரினோல் அவருக்கு இனி வேண்டாம், ஃபெபக்ஸோஸ்டாட் போன்ற வேறு மருந்தைப் பற்றி டாக்டர் முடிவெடுப்பார். இல்லை என்று வந்தாலும் பாதி மாத்திரையில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்த மரபணு இல்லாதவர்களுக்கும் எப்போதாவது வருகிறது.

ஏற்றுவது எப்படி நடக்கும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். பிறை பக்கம் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர், 58 வயது, கிட்னி 31, யூரிக் ஆசிட் 580. வலது முழங்கையில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. வலி வந்தால் ஃபார்மசியில் வோல்ட்டரன் வாங்கிப் போடுவார், அதுவும் கேட்காவிட்டால் நண்பர் கொடுத்த ஜாமு. எங்கள் கிளினிக்குக்கு வந்தபோது கையில் வைத்திருந்த அந்த ஜாமு பொட்டலத்தில் பதிவு எண்ணே இல்லை. இப்படிப் பதிவில்லாத சாமான்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் புதிதில்லை. அதனால்தான் ‘அரை மணியில் வலி பறந்துடும்’.

அவருக்கு 50-இல் தொடங்கினோம். மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டியைக் கையில் கொடுத்து, கவுண்டரிலேயே பத்து மாத்திரையை வெட்டிக் காட்டச் சொன்னேன். சமையல் கத்தியால் வெட்டினால் ஒரு பாதி தூளாகி, ‘சரி இன்னைக்கு முழுசாப் போட்டுக்கலாம்’ என்று ஆகிவிடும், அதற்காகத்தான். நான்கு வாரம் கழித்து 548. 100-க்கு ஏற்றினார் டாக்டர்: 505. பிறகு 150-இல் 462, 200-இல் 425. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 1984 அட்டவணைப்படி பார்த்தால் கிட்னி 31-க்கு 100-ஐச் சற்றுத் தாண்டியதுமே நிறுத்தியிருக்க வேண்டும். அதாவது 500-ஐ ஒட்டியே, கரையும் கோட்டுக்கு 100 மைக்ரோமோல் மேலேயே வாழ்நாள் முழுக்க நின்றிருப்பார். முழங்கைக் கட்டி வளர்ந்துகொண்டே இருந்திருக்கும். 250-இல் 388 வந்தது. முதல் முறையாகக் கோட்டுக்குக் கீழே. 300-இல் 352. கட்டி இருந்ததால் டாக்டர் அங்கேயும் நிறுத்தவில்லை. 350-இல் 318, 400-இல் 296. எட்டு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் யூரிக் ஆசிட்டோடு கிரியேட்டினின், ஈரல், இரத்த அணுக்கள் எல்லாம் பார்த்தார்கள். கிட்னி 31-லிருந்து 30-க்கு வந்தது, அவ்வளவுதான். ஒன்றரை வருஷத்தில் முழங்கைக் கட்டி தடவிப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

எண்களை இப்படி அடுக்கிச் சொன்னால் எல்லாம் சுலபமாக நடந்தது மாதிரி இருக்கும். ஏழாவது வாரம் அவருக்குப் பெருவிரல் வீங்கி, இதுவரை வராத அளவு வலி. கிளினிக் திறப்பதற்கு முன்பே வாசலில் உட்கார்ந்திருந்தார், ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சிலிப்பர். ‘உங்க மருந்தாலதான் வந்துச்சு’ என்று கோபம். ஒரு வகையில் அவர் சொன்னது உண்மை. யூரிக் ஆசிட் இறங்கும்போது மூட்டில் படிந்திருந்த படிகம் இளகி உதிர்கிறது, உடம்பு அதைப் பார்த்துக் கொதிக்கிறது. முதல் சில மாதங்களில் கவுட் கூடுவது மருந்து வேலை செய்வதன் அடையாளம். அலோபியூரினோலைப் பாதியில் தூக்கிப்போடுகிறவர்களில் அதிகம் பேர் இந்தக் கட்டத்தில்தான் தூக்கிப்போடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. வலிக்குத் தனியாக வைத்தியம் செய்துகொண்டு, அலோபியூரினோல் போகிறபடி போக வேண்டும். ஏற்கெனவே சில மாதம் நிறுத்திவிட்டவர் மறுபடி தொடங்கினால், விட்ட அளவிலிருந்து அல்ல, பழையபடி 50-லிருந்துதான்.

இந்த வலியைத் தடுக்கத்தான் முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை கொல்சிசின் கூடவே கொடுப்பது. கிட்னி நன்றாக இருப்பவருக்கு அது தினமும் 0.5 மில்லிகிராம் ஒன்றோ இரண்டோ. 30-ஐ ஒட்டி இருப்பவருக்கு அதுவே தேங்கிவிடும். பிறைக்காரருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மாத்திரைதான் கொடுத்தார்கள், கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டினும் போட்டுக்கொண்டிருந்ததால். இரண்டும் சேர்ந்தால் தசை பலவீனம் வரலாம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் அதுதான் முதல் அடையாளம். வயிற்றுப்போக்கு வந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். தொண்டை வலிக்கு கிளாரித்ரோமைசின் எழுதுகிற டாக்டரிடம் ‘நான் கொல்சிசின் போடுகிறேன்’ என்று கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டு கிட்னி நோயாளியைக் கொன்றிருக்கிறது. ஏழாவது வார வலிக்கு அவருக்கு ஐந்து நாள் பிரெட்னிசோலோன் கொடுத்தார்கள். வலி மறுநாளே இறங்கியது, சாயங்காலச் சர்க்கரை 16-க்கு ஏறியது. உங்கள் அப்பாவுக்கும் இனிப்புநீர் இருப்பதால் அந்த ஐந்து நாளும் குளுக்கோமீட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும். வோல்ட்டரன், போன்ஸ்டான், ஆர்க்கோக்சியா மூன்றும் அவருக்கு ஆகாது. ‘ஒரே ஒரு ஊசிதானே’ என்பவர்களிடமும் கிட்னி 34 என்று சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வியையும் டாக்டர் கேட்பார், கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்: அப்பா அஸதியோபிரின் போடுகிறாரா? கிட்னி மாற்று அறுவை செய்தவர்கள், சில தோல், குடல் நோய்க்காரர்கள் போடும் மருந்து அது. அலோபியூரினோலோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை இரத்தம் உற்பத்தி செய்வதையே அடக்கிவிடும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது அப்பாவின் பருப்பையும் தவ்வையும் ஏற்கெனவே பிடுங்கியிருப்பார்கள் என்று தெரியும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கவுட்டுக்காகப் பிடுங்கியது என்றால். பருப்பு, கீரை சாப்பிடுவதால் கவுட் கூடுவதில்லை என்பது 2004-லேயே பெரிய ஆய்வில் தெரிந்துவிட்டது. ஈரல், இக்கான் பிலிஸ், பியர், பாட்டில் இனிப்புப் பானம் இவற்றைக் குறைக்கட்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும் சாப்பாட்டால் மட்டும் குறைவது பெரும்பாலும் 60 மைக்ரோமோலுக்குள்தான். 580-ஐ 360-ஆக்க அது போதாது.

அம்மாவுக்கு வருவோம். 510 என்றதும் பயம் வருவது இயல்பு, பரிசோதனைக் கூடம் அதைச் சிவப்பில்தான் அச்சடிக்கும். 510 என்பது அமெரிக்க அளவில் 8.6-ஐ ஒட்டி. பாஸ்டனில் ஆண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1987-இல் வெளியானது. 7-க்கும் 9-க்கும் இடையில் இருந்தவர்களில் வருஷத்துக்கு 1,000 பேருக்கு 5 பேருக்குத்தான் கவுட் வந்தது. 9-ஐத் தாண்டியவர்களுக்கு அது 49 பேராகத் தாவியது. கிட்னி 55 என்பதால் அம்மாவுக்கு அந்த 5-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். இருந்தாலும், வராத நோய்க்காகத் தினமும் ஒரு மருந்து, அதுவும் என் அத்தைக்கு வந்தது போன்ற ஒன்றைக் கொண்டுவரக் கூடிய மருந்து என்று தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழ்கிறது என்று பாருங்கள்.

‘கவுட்டுக்கு வேண்டாம், ஆனா கிட்னியைக் காப்பாத்துமே?’ என்று ஒரு வாதம் உண்டு. நானே பல வருஷம் அதை நம்பினேன். யூரிக் ஆசிட் அதிகம் உள்ளவர்களுக்குக் கிட்னி வேகமாகக் கெடுகிறது என்று காட்டும் ஆய்வுகள் நிறைய. 2010-இல் ஸ்பெயினில் 113 பேரிடம் அலோபியூரினோல் கொடுத்துப் பார்த்த சின்ன ஆய்வும் நல்ல பலன் என்றது. ஆனால் யூரிக் ஆசிட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிட்னி வழியாகத்தான் வெளியேறுகிறது. கிட்னி தளர்ந்தால் அது தானாகவே ஏறும். அப்படியானால் ஏறியதால் கெட்டதா, கெட்டதால் ஏறியதா? அதைப் பிரித்துப் பார்க்க மருந்தையும் மாவு மாத்திரையையும் குலுக்கிப் போட்டுப் பிரித்துக் கொடுத்தால்தான் முடியும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சி.கே.டி. ஃபிக்ஸ் என்ற பெயரில் அதைச் செய்தார்கள். கவுட் வந்திராத, கிட்னி மூன்றாம் நான்காம் கட்டத்தில் இருந்த 369 பேர், இரண்டு வருஷம். 2020-இல் முடிவு வந்தது. மருந்து போட்டவர்களின் யூரிக் ஆசிட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. ஆனால் கிட்னி வருஷத்துக்கு 3.33 புள்ளி குறைந்தது. மாவு மாத்திரை போட்டவர்களுக்கு 3.23. எண்ணை இறக்கினார்கள், கிட்னிக்கு அதனால் பலன் ஒன்றும் இல்லை. அதே வருஷம் முதல் வகை இனிப்புநீர்க்காரர்களிடம் நடந்த ஆய்வும், அதற்கு முன்பு 2018-இல் ஜப்பானில் ஃபெபக்ஸோஸ்டாட்டை வைத்து நடந்ததும் இதே பக்கம்தான் சாய்ந்தன. இதய நோய்க்காரர்களுக்காவது உதவுமா என்று பிரிட்டனில் 5,700-க்கு மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். 2022-இல் அதுவும் இல்லை என்று வந்தது.

அதனால் 2024 சர்வதேசக் கிட்னி வழிகாட்டி, கிட்னியைக் காக்கும் நோக்கத்தில் அறிகுறி இல்லாத யூரிக் ஆசிட்டுக்கு மருந்து வேண்டாம் என்கிறது. நம் சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலிலும் அலோபியூரினோலுக்கு எழுதியிருக்கும் காரணங்கள் வேறு: வருஷத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் கவுட், மூட்டு அரித்திருப்பது, கட்டி, யூரிக் ஆசிட் கல், அதனால் வந்த கிட்னிப் பாதிப்பு, சில புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன். அப்பா அந்தப் பட்டியலில் தாராளமாக இருக்கிறார். அம்மா எதிலும் இல்லை. ஜப்பான் மருத்துவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் மருந்து தொடங்குவார்கள், அதை யாராவது உங்களுக்குக் காட்டலாம்; கிட்னி சம்பந்தமாக மேலே சொன்ன ஆய்வுகளுக்குப் பிறகு எனக்கு அந்தப் பக்கம் மனம் போகவில்லை.

மாத்திரை வேண்டாம் என்பதற்காக 510-ஐ மறந்துவிடவும் வேண்டாம். அம்மாவின் மருந்துப் பையைக் கவிழ்த்து, பிரஷருக்கு என்ன போடுகிறார் என்று பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற நீர் மாத்திரை, தனியாகவோ வேறு மருந்தோடு ஒரே மாத்திரையாகவோ இருந்தால், அதுவே யூரிக் ஆசிட்டை ஏற்றும். அதை மாற்ற முடியுமா, பதிலாக லோசார்டான் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கலாம். லோசார்டான் பிரஷரோடு யூரிக் ஆசிட்டையும் கொஞ்சம் இறக்கும். அம்மாவுக்கும் இனிப்புநீர் இருந்தாலோ, சிறுநீரில் புரதம் போனாலோ, டாபாகிளிஃப்லோசின் அல்லது எம்பாகிளிஃப்லோசின் பற்றிக் கேளுங்கள். கிட்னி தேய்வதை மெதுவாக்கும் என்று உண்மையிலேயே நிரூபணமான மருந்துகள் அவை, யூரிக் ஆசிட் இறங்குவது கூடவே கிடைக்கும் இலவசம். நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் ஏறினால் கிட்னிக்கு அதுதான் பெரிய அடி.

ஒரு நாள் காலை அம்மா பெருவிரலில் போர்வை பட்டாலே தாங்கவில்லை என்று எழுந்தால், அன்று கதை மாறும். அன்றைக்கு எடுக்கும் இரத்தத்தில் யூரிக் ஆசிட் 400 என்று வந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள், வலி நேரத்தில் அது தற்காலிகமாக இறங்கிக் காட்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அப்போதும் கணக்கு அதேதான்: 55 ஒன்றரை மடங்கு 82.5, ஆகவே பாதி மாத்திரை.